இரவு ஷிப்டுக்காரரின் முதல் கேக்: இரவல் ஓவனில் செய்வதற்கு முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலிப் பக்கத்துக் கைக்கு அல்வா கிண்டத் தெரியும். தீ கூடினால் குறைக்கலாம், அடி பிடிக்கப் போனால் நெய் விடலாம், பதம் வரும்வரை கண்ணும் கையும் சட்டியிலேயே இருக்கும். கேக் அப்படியில்லை. ஓவன் கதவைச் சாத்திய பிறகு அதில் எதையும் திருத்த முடியாது. திருத்தம் எல்லாம் முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும், அப்புறம் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு நான்கு இடத்தில் வரும்: வெண்ணெய் இளக, ஓவன் முழுதாகக் காய, கேக் வேக, வெந்த கேக் ஆற. ஒவ்வொன்றும் முடிந்ததற்கு ஓர் அடையாளம் உண்டு. கடிகாரத்தை நம்புவதைவிட அந்த அடையாளத்தைப் பார்க்கப் பழகுவதுதான் முதல் கேக்கில் கற்க வேண்டியது.

வள்ளியூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலை, இரவு ஏழு முதல் காலை ஏழு வரை. அறையில் ஓவன் கிடையாது. பக்கத்துக் கட்டடத்தில் குடும்பத்தோடு இருக்கும் மேலப்பாளையத்து அக்கா வீட்டில் மின்சார ஓவன் இருக்கிறது. முதல் தடவை ஷிப்டு முடிந்த கையோடு போனார். வெண்ணெய் கல்லாக இருந்ததால் அடுப்போரம் வைத்தார், அது பாதி உருகிவிட்டது. ஓவனை 170-க்குத் திருப்பினார், எட்டே நிமிடத்தில் ஓவனின் விளக்கு அணைந்தது, உடனே கேக் தகரத்தை உள்ளே வைத்தார். போனில் இருந்த அம்மா, “ஏல, ஒரு தடவ தொறந்து பாரு, கருகிரப் போவுது” என்றார். இரண்டு தடவை திறந்தார். மேலே கருத்து வெடித்திருந்ததால் 25-ஆவது நிமிடத்தில் வெளியே எடுத்தார். பத்து நிமிடத்தில் நடு குழிந்துபோனது. வெட்டினால் உள்ளே ஈர மாவு, அடியில் எண்ணெய்ப் பிசுக்கான ஒரு படலம்.

இந்த ஒரு கேக்கில் மூன்று தனித்தனிக் கோளாறு இருக்கிறது. அடியில் பிசுக்கு என்றால் வெண்ணெய் உருகியது. மேலே கருத்து உள்ளே ஈரம் என்றால் ஓவன் காட்டும் சூட்டைவிட உண்மைச் சூடு அதிகம். நடு குழிந்தது வேகுமுன் எடுத்ததால், கதவைத் திறந்ததும் அதற்கு உதவியது. இனி ஒவ்வொன்றாகச் சரிசெய்வோம்.

எந்த நேரத்தில் செய்வது

இரவு முழுக்க விழித்த உடம்போடு காலை எட்டு மணிக்குக் கேக் செய்யவே கூடாது. அந்த நேரத்தில் கால் மணி நேரம் முக்கால் மணியாகத் தெரியும், அதனால்தான் கதவைத் திறக்கத் தோன்றும். ஓவன் எரிகையில் உட்கார்ந்தபடி தூங்கிவிட்டால் ஆபத்து, அதுவும் அடுத்தவர் வீட்டில். தூங்கி எழுந்து, அடுத்த ஷிப்டுக்கு முன்னால் செய்யுங்கள். மதியம் இரண்டு மணிக்கு எழுகிறவருக்கு மூன்று முதல் ஐந்தரை வரை நல்ல நேரம். ஓவன் வீட்டாரிடம் “கொஞ்ச நேரம்” என்று கேட்காமல் “ரெண்டரை மணி நேரம்” என்று சொல்லிக் கேளுங்கள். அவர்களுக்கும் ராத்திரிச் சமையல் இருக்கும்.

ஓவனின் குணத்தை முந்தின நாளே பார்ப்பது

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். நம் ஆட்கள் வீட்டில் ஓவன் பெரும்பாலும் அலமாரிதான். தோசைக்கல், எண்ணெய்ச் சட்டி, பிளாஸ்டிக் மூடி எல்லாம் அதற்குள் இருக்கும். அத்தனையையும் எடுத்துவிட்டே சுவிட்சைப் போட வேண்டும். திருகியில் உள்ள படங்களில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு இருப்பதுதான் நமக்கு வேண்டியது. வளைந்து வளைந்து போகும் கோடு மேல்பக்கம் வாட்டுவதற்கு, கேக்குக்கு ஆகாது. விசிறிப் படம் மட்டும்தான் உண்டென்றால், இங்கே சொல்லும் சூட்டில் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள்.

திருகியில் 170 என்று இருந்தால் உள்ளே 170 இருக்கும் என்பது உறுதியில்லை. வீட்டு ஓவன்களில் 15, 20 டிகிரி வித்தியாசம் சாதாரணம், பழசானால் இன்னும் கூடும். ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானி கிடைத்தால் வாங்கிவிடுங்கள், விலை அதிகமில்லை. இல்லாவிட்டால் சீனியே போதும். வெள்ளைச் சீனி ஏறக்குறைய 186 டிகிரி செல்சியஸில் உருகும். அதை வைத்து ஓவனை அளந்துவிடலாம்.

அலுமினியத் தாளைச் சின்னக் கிண்ணம்போல மடித்து ஒரு ஸ்பூன் சீனி போட்டு, கேக் வைக்கப்போகும் அதே நடுத் தட்டில் வையுங்கள். முதலில் ஓவனை 140-ல் அரைமணி நேரம் காயவிட்டு, சீனியைக் கால் மணி நேரம் உள்ளே வைத்து எடுத்துப் பாருங்கள். மணிமணியாக அப்படியே இருந்தால் 150-க்குத் திருப்பி, சூடு நிலைக்கப் பத்து நிமிடம் விட்டு, புதுச் சீனி வைத்து மறுபடி கால் மணி நேரம். அடுத்து 160. கீழிருந்து மேலே போக வேண்டும், ஏனென்றால் ஓவன் காய்வதைவிட ஆறுவதற்கு நேரம் பிடிக்கும்.

ஷார்ஜா ஓவனில் 150-ல் சீனி உருகவில்லை, 160-ல் உருகிப் பாகாகிவிட்டது. அப்படியென்றால் திருகி 150-க்கும் 160-க்கும் நடுவே, சுமார் 155-ல் இருக்கும்போதே உள்ளே 186 ஆகிவிட்டது. வித்தியாசம் ஏறத்தாழ 30. நமக்கு வேண்டிய உண்மைச் சூடு 170. ஆகவே அந்த ஓவனில் திருகியை 140-ல் வைக்க வேண்டும். முதல் தடவை 170-ல் வைத்தபோது கேக் உண்மையில் 200-ல் வெந்திருக்கிறது. மேல் பொறுக்கு சீக்கிரம் இறுகிவிட்டது, உள்ளே இருந்த மாவு பிறகு பொங்கி அதை வெடித்துக்கொண்டு வந்தது. இந்தச் சோதனை துல்லியக் கருவியாகாது. ஒரே ஓவனில்கூடச் சூடு சில டிகிரி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் 30 டிகிரித் தப்பைக் கண்டுபிடிக்க இது தாராளம்.

கூடவே ரொட்டித் துண்டுகளைத் தட்டு முழுக்கப் பரப்பிப் பத்து நிமிடம் வைத்துப் பார்த்தால் எந்த மூலை அதிகம் சிவக்கிறது என்று தெரியும். அந்த மூலையை விட்டுத் தள்ளித் தகரத்தை வைக்கலாம். கேஸ் ஓவன் என்றால் தீ அடியிலிருந்தே வரும்; கேக் தகரத்துக்குக் கீழ்த் தட்டில் வெறும் தட்டு ஒன்றை வைத்தால் அடி கருகாது. கேஸைப் பற்றவைக்கும்போது கதவு திறந்திருக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

பொருளும் அளவும்

முதல் கேக்குக்குப் பழம், கொட்டை, கிரீம் எதுவும் வேண்டாம். வெறும் வெண்ணெய்க் கேக்தான் எல்லாத் தப்பையும் வெளிப்படையாகக் காட்டும். 18 செ.மீ. அகல வட்டத் தகரத்துக்கு:

- உப்பில்லா வெண்ணெய் 150 கிராம்
- சீனி 150 கிராம்
- நடுத்தர முட்டை 3
- மைதா 150 கிராம்
- பேக்கிங் பவுடர் தலைதட்டி 1 டீஸ்பூன்
- உப்பு ஒரு சிட்டிகை
- பால் 2 மேசைக்கரண்டி
- ஏலக்காய்ப் பொடி அரை டீஸ்பூன்

ஓடு நீக்கிய முட்டை ஒன்று 50 கிராம் அளவில் இருக்கும், மூன்றுக்கு 150. நான்கும் ஒரே எடை என்பதால் இந்த அளவு மறக்காது. தராசு இல்லையென்றால் 200 கிராம் வெண்ணெய்க் கட்டியில் முக்கால் பங்கு, 240 மி.லி. கப்பில் முக்கால் கப் சீனி, ஒரு கப்பும் மூன்று மேசைக்கரண்டியும் மைதா. மைதாவைக் கரண்டியால் அள்ளிப் போட்டுத் தலைதட்டுங்கள். கப்பை மாவுக்குள் அமுக்கி எடுத்தால் கால் பங்கு வரை கூடிவிடும், கேக் வறண்டுபோகும்.

வெனிலா எசென்ஸுக்குப் பதிலாக ஏலக்காய் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெனிலா வகைகள் பலவற்றில் ஆல்கஹால் கலந்திருக்கும். முஸ்லிம் வீட்டு ஓவனை இரவல் கேட்டுப் போகும்போது அந்த யோசனை நமக்கு இருக்க வேண்டும். சைவ வீடென்றால் முட்டைக்கு முதலிலேயே அனுமதி கேட்டுவிடுங்கள்.

கடையில் கவனிக்க வேண்டியது ஒன்று: ‘செல்ஃப் ரைசிங்’ என்று போட்ட மாவில் பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்திருக்கும். தெரியாமல் வாங்கிவிட்டால் தனியாகப் போடாதீர்கள். சீனி பெரிய மணியாக இருந்தால் மிக்சியில் இரண்டு சுற்று மட்டும் விடுங்கள், பொடியாக்கிவிடாமல். ஊரிலிருந்து கொண்டுவந்த உடன்குடிக் கருப்பட்டி அறையில் இருக்கலாம், அதைப் போடத்தான் மனம் போகும். முதல் கேக்குக்கு வேண்டாம். கருப்பட்டியில் ஈரம் உண்டு, சீக்கிரம் கருக்கும், வெண்ணெயோடு அடிக்கும்போது சீனி மணி செய்கிற வேலையை அது செய்யாது. ஓவன் கைக்குள் வந்த பிறகு அதற்கு வரலாம்.

வெண்ணெய்

கேக் உப்புவது பேக்கிங் பவுடரால் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழியை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே மாவில் இருக்கும் குமிழிகளைத்தான் ஊதிப் பெரிதாக்குகிறது. அந்தக் குமிழிகள் வருவது வெண்ணெயையும் சீனியையும் சேர்த்து அடிக்கும்போது. சீனியின் முனைகள் வெண்ணெயைக் கீறிக் கீறிக் காற்றைப் புகுத்தும். வெண்ணெய் கல்லாக இருந்தால் காற்று போகாது, உருகியிருந்தால் போன காற்று நிற்காது. இரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ 18 முதல் 21 டிகிரியில் இருக்கும் வெண்ணெய்தான் காற்றைப் பிடித்துவைக்கும்.

வளைகுடா வீட்டுச் சமையலறை ஏசி இல்லாமல் 33, 34 டிகிரியில் கிடக்கும், நம் ஊர்ச் சித்திரை வெயில் மாதிரி. அங்கே வெண்ணெயை வெளியே வைத்தால் ஓரம் உருகும், நடு கல்லாகவே இருக்கும். துண்டுதுண்டாக வெட்டித் தட்டில் பரப்பி, ஏசி ஓடும் அறையில் வையுங்கள். அரைமணி முதல் முக்கால் மணி நேரம் ஆகும். முட்டையையும் அதே நேரத்தில் வெளியே எடுத்துவிடுங்கள். அடையாளம் இது: விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரலில் பளபளப்பு ஒட்டக் கூடாது, துண்டின் விளிம்பு உருக்குலையக் கூடாது. பளபளத்தால் பத்து நிமிடம் பிரிட்ஜில் வையுங்கள். முழுதாக உருகியதை மறுபடி உறையவைத்தாலும் பழைய குணம் வராது, அதைச் சோற்றுக்கு வைத்துக்கொண்டு புதுக் கட்டி எடுங்கள்.

அடிப்பதையும் ஏசி அறையிலேயே செய்யுங்கள். மரக்கரண்டியால் என்றால் பன்னிரண்டு நிமிடம் வரை, மின் பீட்டரால் நான்கைந்து நிமிடம். மஞ்சளாக இருந்தது வெளுத்து, கரண்டியில் எடுத்தால் எடையே தெரியாத மாதிரி ஆகும்வரை. கை வலிக்கும், பாதியில் போதும் என்று தோன்றும். நிறம் வெளுக்கவில்லையென்றால் போதாது.

முட்டையைத் தனிக் கிண்ணத்தில் கலக்கி, இரண்டு கரண்டி அளவாக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் முழுதாகச் சேரும்வரை அடியுங்கள். மொத்தமாக ஊற்றினாலோ முட்டை ஜில்லென்று இருந்தாலோ கலவை திரிந்து தயிர்போலப் பிரியும். பிரிந்தால் கலவரப்பட வேண்டாம், ஒரு கரண்டி மைதா சேர்த்தால் ஓரளவு கூடிவிடும். பிறகு மைதா, பேக்கிங் பவுடர், உப்பு, ஏலக்காய் நான்கையும் சேர்த்துச் சலித்து, இரண்டு தடவையாகப் போட்டு, நடுவே பாலை விட்டு, அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். மேலும் கலக்கினால் மைதா இழுவை பிடித்து, கேக் ரப்பர் மாதிரி ஆகும்.

தகரத்துக்கு வெண்ணெய் தடவி அடியில் எண்ணெய்த் தாள் போட்டிருக்க வேண்டும். கேக் தகரம் இல்லையென்றால் ஓரம் நேராக நிற்கும் அலுமினியச் சட்டி போதும், பிளாஸ்டிக் கைப்பிடி மட்டும் இருக்கக் கூடாது.

ஓவன் காய்வதும் கதவும்

விளக்கு முதல் தடவை அணைவது, உள்ளே இருக்கும் உணரியின் பக்கத்துக் காற்று சூடானதற்கு அடையாளம். சுவர்களும் தட்டும் இன்னும் காயவில்லை. அப்போது கதவைத் திறந்தால் சூட்டுக் காற்று வெளியேறி, அதை மீட்க உள்ளே எதுவும் இருக்காது. அணைந்த பிறகு இன்னும் இருபது நிமிடம் விடுங்கள். அதற்குள் விளக்கு இரண்டு மூன்று தடவை எரிந்து அணையும். வெண்ணெய் அடிக்கத் தொடங்கும் முன்பே ஓவனைப் போட்டுவிட்டால் இந்தக் காத்திருப்பு தனியாகத் தெரியாது. மாவு தயாரான பிறகு ஓவனுக்காகக் காக்க வைப்பது தப்பு. பேக்கிங் பவுடர் ஈரம் பட்டதுமே வேலையைத் தொடங்கிவிடும்.

உள்ளே வைத்ததும் போனில் 35 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். அதுவரை கதவைத் தொடக் கூடாது. முதல் அரைமணி நேரத்தில் கேக்கைத் தாங்குவது குமிழிகளுக்குள் இருக்கும் சூட்டு வாயு மட்டும்தான். முட்டை இறுகி, மைதா வெந்து சுவர் கட்டிய பிறகுதான் அது தானாக நிற்கும். அதற்குமுன் குளிர்காற்று பட்டால் குமிழி சுருங்கும், நடு உட்காரும். கண்ணாடி வழியாகப் பார்க்கலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும்.

இரண்டாம் தடவை ஷார்ஜாவில் நாலே காலுக்குத் தகரம் உள்ளே போனது. இருபதாவது நிமிடத்தில் நடு இன்னும் தளதளவென்று ஆடியது, நிறமே வரவில்லை. முந்தின தடவை இதே நேரத்தில் கருத்திருந்ததால், சூடு போதவில்லையோ என்று திருகியைக் கூட்டக் கை போனது. “தம்பி, சீனி வச்சுப் பாத்துத்தான வச்சிய. இப்ப என்னத்துக்கு மாத்துதிய?” என்று அக்கா தடுத்தார். அவர் சொன்னது சரி. சோதித்து வைத்த சூட்டை நடுவழியில் மாற்றினால், எது தப்பு என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

முப்பதாவது நிமிடத்தில் நடு மேடாகி ஆட்டம் நின்றது. 35-ல் கதவைத் திறந்து ஈர்க்குச்சியை நடுவில் குத்தினால் ஈர மாவு ஒட்டியது. சட்டென்று சாத்திவிட்டு இன்னும் ஏழு நிமிடம். 42-ல் குச்சியில் இரண்டொரு பொடித் துணுக்கு மட்டும். விரலால் மெல்ல அழுத்தினால் எழும்பி வந்தது. தகர ஓரத்திலிருந்து நூலளவு விலகியிருந்தது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எடுக்கலாம். குச்சி மட்டும் சுத்தமாக வந்து, அழுத்திய பள்ளம் எழும்பாமல் நின்றால் இன்னும் மூன்று நிமிடம் கொடுங்கள்.

ஆறவிடுவது

பத்து நிமிடம் தகரத்திலேயே இருக்க வேண்டும். சுடச்சுடக் கவிழ்த்தால் உடையும், அப்படியே விட்டுவிட்டால் ஆவி தண்ணீராகி அடி நசநசத்துப்போகும். பிறகு ஓரத்தைக் கத்தியால் சுற்றிவிட்டுக் கம்பித் தட்டில் கவிழுங்கள். கம்பித் தட்டு இல்லையென்றால் ஓவனின் உள்தட்டையே வெளியே எடுத்து ஆறவைத்து இரண்டு கிண்ணங்களின் மேல் வைக்கலாம். வெட்ட ஒன்றரை மணி நேரமாவது ஆக வேண்டும். சூட்டில் வெட்டினால் நன்றாக வெந்த கேக்கும் கத்தியில் பிசுபிசுத்து, வேகாத மாதிரித் தெரியும்.

இங்கேதான் ஷிப்டு குறுக்கே வரும். தகரத்திலிருந்து கவிழ்த்தபோது மணி ஐந்து ஏழு, வண்டி ஆறு மணிக்கு. வெட்டாமலே போக வேண்டியதுதான். அதில் நட்டம் ஒன்றுமில்லை, வெண்ணெய்க் கேக் மறுநாள்தான் நன்றாக இருக்கும். ஈரம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவி, ஏலக்காய் வாசமும் ஊறியிருக்கும். முழுக்க ஆறிய பிறகு மூடி வைக்கும்படி வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வெதுவெதுப்பாக மூடினால் மேல்பக்கம் ஒட்டும்.

காலையில் வெட்டும்போது துண்டின் குறுக்கு முகத்தைப் பாருங்கள். சின்னச் சின்னக் குமிழி ஒரே சீராக இருந்தால் வெண்ணெய் சரியாக அடிபட்டிருக்கிறது. நீள நீளமாகக் குழல்போல ஓட்டை இருந்தால் மைதா போட்ட பிறகு அதிகம் கலக்கியிருக்கிறீர்கள். அடியில் விரல் தடிமனுக்கு அடர்த்தியான பட்டை இருந்தால் வெண்ணெய் உருகிவிட்டது, அல்லது முட்டை சேரும்போது பிரிந்தது. ஷார்ஜாக் கேக்கில் குமிழி சீராகவே இருந்தது. ஒரு பக்கம் மட்டும் அரை விரல் உயரம் குறைவு. தட்டு சாய்ந்திருந்தது காரணம். அடுத்த தடவை தட்டில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து மட்டம் பார்த்துக்கொள்ளலாம்.

காற்றுப் புகாத டப்பாவில், ஏசி அறையில், மூன்று நாள் இருக்கும். பிரிட்ஜில் வைத்தால் வெண்ணெய் இறுகிக் கேக் கெட்டியாகிவிடும். தின்னும் முன் ஒரு மணி நேரம் வெளியே எடுத்து வைக்க வேண்டும். ஓவன் வீட்டுக்குப் பாதிக் கேக்கைக் கொடுக்கும்போது, 170-க்குத் திருகி 140 என்பதையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் வீட்டுப் பிஸ்கட் ஏன் எப்போதும் அடி கருகுகிறது என்பதற்கு அதில் பதில் இருக்கும்.